8 பிளை நூல், 8 ஆம் நம்பர் ஊசி: அம்மா பின்னிய சுவெற்றர் ஏன் இப்படித் தொங்குகிறது?

கல்லடி_வாணி · வெள்ளி இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு நுவரெலியாவில் ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் அம்மா அவனுக்கு ஒரு சுவெற்றர் பின்னத் தொடங்கினார். மூன்று மாத வேலை. அம்மா பள்ளியில் படித்த காலத்து இங்கிலாந்துப் பின்னல் புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் பின்னினார். 8 பிளை நூல், 8 ஆம் நம்பர் ஊசி, முன்பக்கம் 110 கண், பின்பக்கம் 110 கண், நெஞ்சளவு 40 அங்குலம் வரும் என்று அதில் போட்டிருக்கிறது. அம்மா ஒரு கண்கூடப் பிசகாமல் பின்னினார்.

போட்டுப் பார்த்தால் தம்பி சாக்குக்குள் நிற்பது மாதிரி இருக்கிறது. சரி, குளிருக்குப் பெரிதாக இருந்தால் உள்ளே இன்னொரு சட்டை போடலாம் என்று கொண்டுபோனான். இப்போது தினமும் ஒரு முறைப்பாடு. காற்று அப்படியே உள்ளே போகிறதாம். ஒரு தரம் தோய்த்துக் கொடியில் போட்டதும் கை விரல் நுனி வரை நீண்டுவிட்டதாம். முழங்கை இரண்டும் பை மாதிரி முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கிறதாம். கக்கத்தில் உருண்டை உருண்டையாகப் பஞ்சு திரளுகிறதாம்.

நூல் சரியில்லை என்று அம்மா சொல்கிறார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா?

மருதமுனைத்_தறி · வெள்ளி இரவு 9.05

தங்கச்சி, நூலைக் கொஞ்சம் முறுக்கு அவிழ்த்துப் பாருங்க. எங்கட வீட்டில் கிடந்த 8 பிளைப் பந்து ஒன்றை நான் இப்போதுதான் அவிழ்த்துப் பார்த்தேன். 4 இழைதான் இருக்கிறது! பாதிக்குப் பாதி ஏமாற்று. நாங்கள் தறிக்காரர், இழை எண்ணாமல் நூல் வாங்க மாட்டோம்.

சூரிச்_மாமா · வெள்ளி இரவு 9.20

பிள்ளை, நான் 30 வருடமாகப் பனிக்குள் இருக்கிறேன். சுவெற்றர் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சூடு, இதில் வேறு கதையே இல்லை. அம்மா கையைத் தளர விட்டிருக்கிறார். அதே ஊசியில் நூலை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்துப் பின்னச் சொல்லுங்கள், எல்லாம் சரியாகும்.

பழைய_மனையியல் · வெள்ளி இரவு 10.15

வாணி, கடைக்காரரைத் திட்டுவதற்கு முதல் ஒரு அடிமட்டம் எடுங்கள். சுவெற்றரை மேசையில் இழுக்காமல் விரித்து, நடு முதுகில் 4 அங்குலத்துக்கு இரண்டு குண்டூசி குத்தி, இடையில் எத்தனை கண் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். ஆங்கில வி எழுத்து மாதிரித் தெரிவது ஒரு கண். அரைக் கண் வந்தாலும் விடாமல் சொல்லுங்கள். புத்தகத்தில் டென்ஷன் என்று ஒரு வரி இருக்கும், எல்லோரும் தாண்டிப்போகிற வரி அது. அதையும் பாருங்கள்.

மருதமுனைத் தம்பிக்கு: பின்னல் நூலில் 8 பிளை என்றால் எட்டு இழை என்று கருத்தில்லை. ஒரு காலத்தில் இழைக் கணக்காக இருந்தது, இப்போது மொத்தத்தைச் சொல்லும் பெயர் மாத்திரம். 4 இழை முறுக்கியும் 8 பிளை மொத்தம் வரும், 3 இழையிலும் வரும். ஒருவரும் உங்களை ஏமாற்றவில்லை.

மருதமுனைத்_தறி · வெள்ளி இரவு 10.31

அப்ப சரி ரீச்சர். ஆனால் எங்கட பருத்தி நூலில் இலக்கம் கூடக் கூட நூல் மெல்லிசாகப் போகும், 40 ஐ விட 80 மெல்லிசு. உங்கட பிளையில் இலக்கம் கூடினால் நூல் மொத்தம். ஒரே ஊரில் இரண்டு கணக்கு.

கல்லடி_வாணி · சனி காலை 7.50

சுவெற்றர் தம்பியிடம். அவன் எண்ணி வட்ஸ்அப்பில் படமும் அனுப்பினான். 4 அங்குலத்தில் பதினெட்டரைக் கண். புத்தகத்தில் ஓர் அங்குலத்துக்கு ஐந்தரைக் கண் என்று இருக்கிறது.

பழைய_மனையியல் · சனி காலை 8.30

அப்படியென்றால் 4 அங்குலத்துக்கு 22 வந்திருக்க வேண்டும். இனி நீங்களே கணக்குப் பாருங்கள். சுற்றிவர 220 கண். ஐந்தரையால் பிரித்தால் சரியாக 40 அங்குலம். உங்களுக்கு 4 அங்குலத்தில் 18.5, அதாவது அங்குலத்துக்கு 4.6 சொச்சம். 220 ஐ அதால் பிரித்தால் 47 அங்குலத்துக்கும் மேலே, ஏறத்தாழ 47½. ஏழரை அங்குலம் இப்படித்தான் கூடியது. அம்மா கண்ணில் பிழை விடவில்லை, கண்ணின் அளவுதான் பெரிது.

ஆனால் கை தளர்ந்து மூன்றரைக் கண் குறையும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்று, ஒன்றரை என்றால் கை. இவ்வளவு வித்தியாசம் என்றால் ஊசியைத்தான் சந்தேகப்படுவேன். அந்த 8 ஆம் நம்பர் ஊசி எங்கே வாங்கியது?

கல்லடி_வாணி · சனி காலை 8.44

வாங்கவில்லை. அம்மாவின் பழைய ஊசி ஒன்று வளைந்துபோனதால் ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மா தன்னிடம் இருந்த சோடியைக் கொடுத்துவிட்டார். தலையில் 8 என்று மட்டும்தான் பொறித்திருக்கிறது.

பழைய_மனையியல் · சனி காலை 8.52

பிடித்துவிட்டோம்.

இங்கிலாந்துப் பழைய கணக்கில் 8 ஆம் நம்பர் ஊசி 4 மில்லிமீற்றர். அமெரிக்கக் கணக்கில் 8 ஆம் நம்பர் ஊசி 5 மில்லிமீற்றர். கனடாவில் விற்பதில் பெரும்பாலும் அமெரிக்க இலக்கம் இருக்கும். இங்கிலாந்து இலக்கம் கூடினால் ஊசி மெலியும், 14 ஆம் நம்பர் வெறும் 2 மில்லிமீற்றர். அமெரிக்க இலக்கம் கூடினால் ஊசி தடிக்கும். மருதமுனைத் தம்பி சொன்ன தறி நூல் கணக்கும் இதே விளையாட்டுத்தான். இரண்டு கணக்கும் 8 க்குக் கிட்டத்தான் குறுக்கே வெட்டுகின்றன, அதனால்தான் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 14 ஆக இருந்திருந்தால் கையில் எடுத்ததுமே அம்மா சிரித்திருப்பார்.

உறுதிப்படுத்த வீட்டில் துளைப்பான் ஊசிகள் இருந்தால் போதும். பழைய பிளாஸ்ரிக் அடிமட்டத்தில் 4 மி.மீ. ஒரு ஓட்டை, 5 மி.மீ. ஒரு ஓட்டை போடுங்கள். பின்னல் ஊசி எதற்குள் ஆட்டமில்லாமல் போகிறதோ அதுதான் அளவு. கூர்முனையை வைத்துப் பார்க்க வேண்டாம், தண்டு முழுவதும் போக வேண்டும்.

கல்லடி_வாணி · சனி மாலை 5.10

மச்சான் அடிமட்டத்தில் ஓட்டை போட்டுத் தந்தார். 4 க்குள் முனை மட்டும் போய் நின்றுவிட்டது. 5 க்குள் சறுக்கிக்கொண்டு போனது. அம்மா ஒரு மணித்தியாலம் ஒன்றும் பேசவில்லை. பிறகு “ஒரு மில்லிமீற்றரில் என்ன இருக்கு” என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். அளவு பெரிதானது விளங்குகிறது. காற்று, முழங்கை, பஞ்சு உருண்டை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மில்லிமீற்றரா காரணம்?

வாவிக்கரை_ராசன் · சனி மாலை 6.02

பின்னல் எனக்குத் தெரியாது, வீச்சுவலை கட்டத் தெரியும். வலையில் கண் அளவைத் தீர்மானிப்பது கை இல்லை தங்கச்சி, கண்ணுக்குள் கொடுக்கிற சப்பைத் தடி. தடி ஒரு நூல் அளவு தடித்தாலும் மணலை மீன் பிடிக்கிற வலையில் சின்ன மீன் எல்லாம் தப்பிப் போய்விடும். கையை இறுக்கினால் முடிச்சுத்தான் இறுகும், கண் சின்னதாகாது. உங்கட ஊசியும் அந்தத் தடி மாதிரித்தானே?

பழைய_மனையியல் · சனி மாலை 7.20

ராசன் அண்ணன் நான் சொல்ல வந்ததையே சொல்லிவிட்டார். கண் உருவாகிறது ஊசியின் தண்டில். தண்டின் சுற்றளவுதான் நூல் வளையத்தின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. அதே 5 மி.மீ. ஊசியில் நூலை இழுத்துப் பிடித்துப் பின்னினால், சூரிச் மாமா மன்னிக்க வேண்டும், கண் ஊசியில் ஒட்டிக்கொண்டு நகராது, மணிக்கட்டு வலிக்கும், களைத்துப்போன இரவில் பின்னிய வரிகள் தளர்ந்தும் காலையில் பின்னியவை இறுகியும் வரும். கையை மாற்றாதீர்கள், ஊசியை மாற்றுங்கள்.

இனி வாணியின் அம்மா கேட்டது. ஒரே நூலை இரண்டு ஊசியில் பின்னிக் கையில் பிடித்தால் விளங்கும். 4 மி.மீ. துண்டில் பக்கத்துப் பக்கத்துக் கண்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். இழுத்துவிட்டால் பழையபடி திரும்பி வந்துவிடும், ஏனென்றால் நூலுக்கு நகர இடமில்லை. 5 மி.மீ. துண்டை யன்னலுக்கு நேரே பிடியுங்கள். கண்ணுக்கு நடுவே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அந்த இடைவெளி ஒன்றுதான் தம்பியின் எல்லா முறைப்பாட்டுக்கும் தாய்.

முழங்கை மடிக்கும்போது அந்த இடத்துக்கு நூல் தேவைப்படுகிறது, பக்கத்துக் கண்களிலிருந்து இழுத்துக்கொள்கிறது. நெருக்கமான பின்னலில் இழுத்த நூல் திரும்பிப் போகும். தளர்ந்ததில் திரும்ப ஒரு காரணமும் இல்லை, அங்கேயே பையாக நிற்கும். கையும் அப்படித்தான் நீண்டது. நனைந்த சுவெற்றரின் பாரம் முழுவதும் கொடியில் தொங்க, கண்கள் அகலத்தைக் கொடுத்து நீளத்தை வாங்கிக்கொண்டன. இறுக்கமான பின்னலைக்கூடக் கொடியில் தொங்கவிடக் கூடாது. துவாய்க்குள் சுருட்டி அமத்தித் தண்ணீரை எடுத்து, நிழலில் பாயில் விரித்துக் காயவிட வேண்டும். பஞ்சு உருண்டை தளர்ந்த கண்ணிலிருந்து இலகுவாக வெளியே வரும் நார்களால் வருவது. கையும் உடம்பும் உரசுகிற கக்கத்தில்தான் முதலில் தெரியும்.

சூரிச்_மாமா · சனி இரவு 9.15

அப்படியென்றால் நான் சொன்னது சரிதானே. இறுக்கம் என்றால் சூடு.

பழைய_மனையியல் · சனி இரவு 9.48

பாதி சரி. சூடு தருவது நூலுக்குள்ளும் நூல்களுக்கு இடையிலும் அசையாமல் அடைபட்டு நிற்கும் காற்று. 5 மி.மீ. பின்னலில் காற்று நிற்காமல் ஓடிவிடுகிறது, ஆகவே குளிர்கிறது. இதே நூலை 3 மி.மீ. ஊசியில் பின்னிப் பாருங்கள். காற்று நிற்கவே இடமில்லாமல் நார் நசுங்கிப் பலகை மாதிரி வரும். காற்றைத் தடுக்கும், ஆனால் பாரத்துக்கேற்ற சூடு இருக்காது, கையையும் தூக்க முடியாது. 8 பிளைக்கு 4 மி.மீ. என்று பந்தின் லேபலில் போடுவது இரண்டுக்கும் நடுவே ஓர் இடம், சுவெற்றருக்கு அது பொருந்தும்.

சூரிச்_மாமா · சனி இரவு 10.05

இங்கே என் மகள் தடித்த நூலில் ஓட்டை ஓட்டையாகப் பின்னிய சுவெற்றரைப் போட்டு அதன் மேல் மழைச் சட்டை போடுகிறாள். பனியில் நிற்கிறாள், குளிரவில்லை என்கிறாள். அதை என்ன சொல்வீர்கள்?

பழைய_மனையியல் · சனி இரவு 10.20

இப்போது நீங்களே உங்களை மறுத்துவிட்டீர்கள்! மேலே போட்ட மழைச் சட்டை காற்றை மறித்துக்கொள்கிறது, உள்ளே தளர்ந்த பின்னல் காற்றைப் பிடித்துவைக்கிறது. அந்தச் சோடிக்குத் தளர்ந்த பின்னல்தான் நல்லது. தனியே போடுவதற்குத்தான் நெருக்கம் வேண்டும்.

கல்லடி_வாணி · சனி இரவு 10.41

அப்படியென்றால் தம்பிக்கு ஒரு மழைச் சட்டை வாங்கிக் கொடுத்தால் முடிந்ததா? அவிழ்க்கத் தேவையில்லையா?

பழைய_மனையியல் · சனி இரவு 10.58

காற்றுக்கு முடிந்தது. முழங்கைக்கும் ஏழரை அங்குலத்துக்கும் மழைச் சட்டை என்ன செய்யும்?

சம்மாந்துறை_ரோஜா · ஞாயிறு காலை 9.30

சலாம். நான் கொஞ்சம் குறுக்கே வாறேன். நானும் என்னுடைய சால்வையை இறுக்கித்தான் பின்னினேன், இப்போது தோளில் விறைத்துக்கொண்டு அட்டை மாதிரி நிற்கிறது. 4 பிளை நூல், 3 மி.மீ. ஊசி. லேபலில் போட்ட மாதிரியே செய்தேன். இறுக்கம்தானே நல்லது என்றீர்கள்?

பழைய_மனையியல் · ஞாயிறு காலை 10.12

ராத்தா, அது சுவெற்றருக்குச் சொன்னது. சால்வை தோளில் மடிந்து விழ வேண்டும், அதற்குக் கண்ணுக்குள் நூல் அசைய இடம் வேண்டும். லேபலில் உள்ள ஊசி ஒரு தொடக்கம் மட்டும். அதே 4 பிளையை நான் சால்வைக்கு 4½ மி.மீ. ஊசியில் பின்னுவேன், லேஸ் வேலை என்றால் 5 கூட எடுப்பேன். பின்னும்போது நூல்கந்தல் மாதிரி அசிங்கமாக இருக்கும், பயப்பட வேண்டாம். நனைத்து விரித்துக் குண்டூசி குத்திக் காயவிட்டதும்தான் அது மடிந்து விழுகிற அழகு தெரியும். சால்வைக்கு உரசலும் இல்லை, முழங்கையும் இல்லை, தளர்வால் ஒரு நட்டமும் வராது.

அதே 4 பிளையில் காலுறை பின்னினால் நேர்மாறு, 2¼ அல்லது 2½ மி.மீ. ஊசி. சப்பாத்துக்குள் குதிக்காலில் நூல் அசைந்தால் அறுந்துவிடும்.

சம்மாந்துறை_ரோஜா · ஞாயிறு காலை 10.20

ஒரே நூலுக்கு மூன்று ஊசியா! லேபலை நம்பித்தானே இருந்தேன். சரி, அவிழ்க்கிறேன். மூன்று வாரப் பின்னல், நோன்புக்கு முதல் முடிந்தால் போதும்.

வாவிக்கரை_ராசன் · ஞாயிறு முற்பகல் 11.40

அவிழ்ப்பதைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறீர்கள். வலையை அவிழ்க்கவே முடியாது, வெட்டத்தான் வேண்டும். நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கல்லடி_வாணி · ஞாயிறு மாலை 4.25

தம்பி சுவெற்றரைப் பஸ்ஸில் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டான், நாளைக்கு வரும். அம்மா அவிழ்க்கச் சம்மதித்துவிட்டார். ஒரு சந்தேகம்: ஊசி மெலிந்தால் கண் கூடும், வரி கூடும். நூல் போதாமல் போகுமா? அதே நிறம் இனிக் கிடைக்காது.

பழைய_மனையியல் · ஞாயிறு இரவு 8.05

கண் எண்ணிக்கை அதே 220 தான், புத்தகத்தின்படி. கூடுவது வரி. ஆனால் ஒவ்வொரு கண்ணும் சிறிது, அதற்குப் போகும் நூலும் குறைவு. கூடுதலும் குறைவும் ஏறத்தாழ ஈடாகிவிடும் என்பது என் அனுபவம். அதோடு அவிழ்க்கும்போது கக்கத்துப் பஞ்சுத் துண்டுகளை வெட்டி எறிய வேண்டிவரும், ஆகவே கையை ஓர் அங்குலம் கட்டையாகப் பின்னவும் ஆயத்தமாக இருங்கள்.

அவிழ்த்த நூல் நூடில்ஸ் மாதிரிச் சுருண்டிருக்கும். அப்படியே பின்னினால் கண்கள் ஒழுங்கில்லாமல் வரும். கதிரை முதுகில் சுற்றிக் கழியாக்கி நாலு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டபின் பந்தாக்குங்கள். நூல் அக்ரிலிக்கா கம்பளியா? அக்ரிலிக் என்றால் எந்தக் காரணத்துக்கும் சூடான ஸ்திரிக்கைப் பெட்டியை மேலே வைக்க வேண்டாம். நார் உருகித் துவண்டுவிடும், பிறகு எந்த ஊசியாலும் அதற்கு உயிர் கொடுக்க முடியாது.

முக்கியமானது, மாதிரித் துண்டு. பத்துக் கண் போட்டுப் பார்ப்பது பயனில்லை, ஓரக் கண்கள் பொய் சொல்லும். 30 கண் போட்டு 5 அங்குலம் உயரம் பின்னி, தோய்த்து, பாயில் காயவைத்து, நடுவில் அளவுங்கள்.

சூரிச்_மாமா · ஞாயிறு இரவு 8.30

ரீச்சர், நேரம் விரயம். என் மனைவி ஒருநாளும் மாதிரித் துண்டு பின்னவில்லை.

பழைய_மனையியல் · ஞாயிறு இரவு 8.41

அவரின் சுவெற்றர்கள் எல்லாம் உங்களுக்குச் சரியான அளவா?

சூரிச்_மாமா · ஞாயிறு இரவு 8.55

இரண்டு என் மருமகனிடம் இருக்கின்றன.

கல்லடி_வாணி · அடுத்த சனி மாலை 6.15

முதலில் நூல் விஷயம்: பாதி கம்பளி, பாதி அக்ரிலிக்.

மாதிரித் துண்டு. அம்மா பழைய பெட்டியில் தேடி 4 மி.மீ. சோடி ஒன்று எடுத்தார். பின்னி முடித்ததும் 22 கண். அப்பாடா என்று நினைத்துத் தோய்த்தோம். காய்ந்ததும் 21 ஆகிவிட்டது! பிறகு பக்கத்து வீட்டில் 9 ஆம் நம்பர், அடிமட்ட ஓட்டையில் பார்த்தால் 4 க்குச் சற்று மெலிவு, அதில் ஒரு துண்டு பின்னினார். தோய்த்துக் காய்ந்தபின் 22. யன்னலுக்குப் பிடித்தால் வெளிச்சப் பொட்டு இல்லை, ஆனால் கையில் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. 4 மி.மீ. துண்டுதான் மெத்தென்று நன்றாக மடிகிறது. எதை எடுப்பது?

பழைய_மனையியல் · சனி இரவு 7.40

இங்கிலாந்து 9 என்றால் 3¾ மி.மீ. அளவு மட்டும் பார்த்தால் அதுதான். 4 மி.மீ. என்றால் 21 கண் கணக்கில் 220 கண்ணுக்கு 42 அங்குலம் வரும். தம்பி உள்ளே சட்டை போடுகிறவர் என்றால் இரண்டு அங்குலம் பாதகமில்லை. முழங்கையை நினைத்தால் நான் 9 ஐ எடுப்பேன். மெத்தென்று வேண்டுமானால் 4. இது உங்கள் அம்மாவின் கை தீர்மானிக்க வேண்டியது.

மருதமுனைத்_தறி · சனி இரவு 8.02

ரீச்சர், உடம்புக்கு 4, கைக்கு மட்டும் 9 எடுத்தால்?

பழைய_மனையியல் · சனி இரவு 8.19

செய்யலாம் தம்பி. கையின் கண் எண்ணிக்கையை அதற்கேற்ப மாற்ற வேண்டும், வெளிச்சத்தில் பார்த்தால் தோள் மூட்டில் பின்னல் மாறுவதும் தெரியும். நான் செய்து பார்த்ததில்லை. யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.

கல்லடி_வாணி · இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு காலை 8.10

அம்மா 9 ஐயே எடுத்தார். “இன்னொரு தரம் அவிழ்க்க எனக்குக் கண் இல்லை” என்றார். பின்பக்கம் முடிந்துவிட்டது, தோய்த்து அளந்தோம், 20 அங்குலம், ஒரு மயிரளவு கூடலாம். பெரியம்மாவின் ஊசியில் சிவப்பு நெயில் பொலிஷால் 5 என்று எழுதித் தனியே வைத்தாயிற்று. முன்பக்கத்துக்குக் காலையில் கண் போட்டுவிட்டார். எத்தனை என்று கேட்டேன், “110, எண்ணியாயிற்று, பேசாமல் போ” என்றார்.